இந்தப் பத்திரத்தில் நான் யார்?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த வெள்ளக்கடையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குக் காபித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. இத்தனை வருடம் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வர வசதியாகச் சாலையோரம் ஓர் ஓட்டு வீட்டை 'லீசுக்கு'ப் பேசியிருக்கிறார்கள். மொத்தமாக 3 லட்சம் ரூபாய், 3 வருடம். மாத வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் சேலத்தில் டைப் அடித்துக் கொண்டுவந்த நான்கு பக்க ஒப்பந்தத்தின் நகலைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறார். பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.

கடிதத்தில் அவர் கேட்டிருப்பது இதுதான்: "முதல் பக்கத்தில் என்னை லெசி என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் டெனன்ட் என்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் என் சாமான்கள் மேல் வீட்டுக்காரருக்கு லியன் உண்டு என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இதில் நான் யார்?"

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அந்தச் சகோதரியைப் பாராட்ட வேண்டும். நம்மில் பலர் வீட்டைப் பார்ப்போம், தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம், பத்திரத்தில் தொகையும் பெயரும் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அவருடைய கேள்விக்கான பதிலை அவருக்கு மட்டும் தபாலில் அனுப்பாமல் இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம், தமிழ்நாடு முழுக்க இதே மாதிரிப் பத்திரத்தில் இதே மாதிரி கையெழுத்துகள் விழுந்துகொண்டிருப்பதுதான்.

லெசி, டெனன்ட் இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம். இவை வெவ்வேறு ஆட்கள் அல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 105-ஆம் பிரிவில் லீஸ் என்றால் என்ன என்று சொல்கிறது. ஓர் அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு விலைக்கு, இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது லீஸ். கொடுப்பவர் லெசர், வாங்கிக்கொள்பவர் லெசி. தவணை தவணையாகக் கொடுக்கும் பணம் வாடகை. இதே உறவைப் பற்றிப் பேசும் வாடகைச் சட்டங்கள் லேண்ட்லார்ட், டெனன்ட் என்ற சொற்களைப் பயன்படுத்தின. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படித்தான் பேசியது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் பேசுகிறது. மாத வாடகைக்கு இருக்கும் ஒருவர் ஒரு சட்டத்தின் கண்ணில் லெசி, இன்னொன்றின் கண்ணில் டெனன்ட். பழைய மாதிரிப் பத்திரம் ஒன்றிலிருந்து பாதியும் வேறொன்றிலிருந்து பாதியும் எடுத்து ஒட்டும்போது இரண்டு சொல்லும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்தச் சகோதரி லெசியும் இல்லை, டெனன்டும் இல்லை என்பதே என் பதில்.

அது எப்படி என்பதற்கு, அவருடைய மலையிலேயே மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர், அவர் இப்போது விட்டு வருகிற லைன் வீட்டில் இருப்பவர். தோட்டத் தொழிலாளருக்கு வீடு கொடுப்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக வைத்தது. அந்த வீட்டில் முப்பது வருடம் இருந்தாலும் அவர் வாடகைதாரர் ஆவதில்லை. வேலையை ஒட்டி வந்த குடியிருப்பு அது. இரண்டாமவர், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகை அந்த வருட அறுவடைக்குக் குத்தகை எடுத்தவர். ஊரில் அவரைக் குத்தகைதாரர் என்றுதான் சொல்வோம், பத்திரங்களில் லெசிக்கும் அதே சொல்தான். ஆனால் அவர் வாங்கியது காய், நிலம் அல்ல. உள்ளே வர, ஏணி சாத்த, பறிக்க, கொண்டுபோக அனுமதி உண்டு. பறித்து முடித்த பிறகு, குத்தகை எடுத்தவன் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தோட்டத்தில் ஒரு குடிசை போட முடியாது. மூன்றாமவர், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மாதம் இவ்வளவு என்று பேசிக் கடை வைத்திருப்பவர். அந்த அறையின் சாவி அவரிடம் இருக்கிறது. வாடகை கொடுக்கும்வரை சொந்தக்காரரே ஆனாலும் கேட்காமல் உள்ளே வர முடியாது. லெசி என்றாலும் டெனன்ட் என்றாலும் இந்த மூன்றில் அவர் ஒருவர்தான்.

ஆக, ஊர் என்ன பெயர் சொல்கிறது, தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. இதற்கு 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கை வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டுவார்கள். டெல்லி இம்பீரியல் ஓட்டலில் ஆர்.என்.கபூர் என்பவர் இரண்டு அறைகளை எடுத்து முடிதிருத்தும் நிலையம் நடத்தினார். எழுதிய பத்திரத்தில் லைசென்ஸ், அதாவது வெறும் அனுமதி, என்றுதான் பார்த்துப் பார்த்துச் சொற்களைப் போட்டிருந்தார்கள். நீதிமன்றம் சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த அறைகள் யார் கையில் முழுமையாக இருந்தன, இரு தரப்பும் உண்மையில் என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று பார்த்தது. அது லீஸ்தான் என்று முடிவு சொன்னது.

அதே கண்ணோடு வெள்ளக்கடை வீட்டைப் பாருங்கள். வாடகை இல்லை. வீட்டுக்காரருக்குப் பணம் தேவை. 3 லட்சம் வாங்கிக்கொள்கிறார். அதைத் திருப்பித் தர வேண்டியவர் அவர். அதற்கு வட்டி கொடுப்பதற்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கக் கொடுக்கிறார். பணம் கொடுத்தவர் இங்கே கடன் கொடுத்தவர்; வீட்டுக்காரர்தான் கடனாளி; வீடு ஈடு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு இதை அனுபவ அடமானம் என்று தனியாகவே விளக்குகிறது. நம் தாத்தா பாட்டிகள் இதை ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்லி, அப்படியே பத்திரம் எழுதி, பதிவும் செய்தார்கள். அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். லீஸ் என்று நாம் சொல்லத் தொடங்கிய பிறகுதான், இது என்ன பத்திரம் என்ற தெளிவு போய்விட்டது.

ஒத்தியை லீஸ் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். பணம் போகலாம் என்பதுதான் பதில்.

அவருடைய ஒப்பந்தம் முத்திரைத் தாளில் டைப் அடித்து, இரண்டு சாட்சி வைத்து, நோட்டரியிடம் முத்திரை வாங்கத் தயாராக இருக்கிறது. பதிவு செய்யும் எண்ணம் இல்லை. இதை லீஸ் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சொல்கின்றன. எல்லாரும் 11 மாத ஒப்பந்தம் போடுவது இந்தக் காரணத்தால்தான். பதியாத 3 வருட லீசில் அந்த 3 வருடம் என்ற பேச்சு நிற்காது. வீடு மாதாமாதக் குடியிருப்பாகக் கருதப்பட்டு, 15 நாள் நோட்டீசில் முடிக்கக்கூடியதாகிவிடும். ஒத்தி என்று எடுத்துக்கொண்டால் இன்னும் கறார். 100 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள அடமானம், எழுதிக் கொடுப்பவர் கையெழுத்தோடும் குறைந்தது இரண்டு சாட்சிகளோடும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 59-ஆம் பிரிவு. உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு மட்டுமே அதில் விலக்கு. நோட்டரி முத்திரை பதிவாகாது. நோட்டரி, கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்று சொல்கிறார். சார்பதிவாளர் அலுவலகப் பதிவோ அந்த வீட்டின் மேல் உங்கள் பணம் நிற்கிறது என்று உலகத்துக்குச் சொல்கிறது.

பதியாத தாளோடு அவர் குடிபோனால் 3 லட்சம் ஒரேயடியாக அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது சாதாரணக் கடனாக மாறிவிடும். வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டுப் பணத்தைக் கேட்கலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட வீட்டின் மேல் முதல் உரிமை கேட்க முடியாது. கால அளவும் சுருங்கும். பதிவு செய்த அடமானத்தில் சொத்தின் மேல் நிற்கும் பணத்தைக் கேட்க 12 வருடம் உண்டு. சாதாரணக் கடனுக்குப் பொதுவாக 3 வருடம்தான்.

எங்கள் பக்கத்தில் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை, பணம் வராமல் சாவியைக் கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான் என்று சிலர் சொல்வீர்கள். வீட்டுக்காரர் ஒருவரோடு மட்டும் உங்களுக்குப் பேச்சு இருக்கும்வரை அந்த வழி நடக்கும். மூன்றாவது ஆள் வரும்போது சாவிக்கு மதிப்பில்லை. பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆள் ஒரு வங்கியாக இருக்கும்.

வீட்டுக்காரருக்குப் பணம் எதற்குத் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். வட்டி கட்டச் சிரமப்படுகிறவர்கள்தான் பலமுறை வீட்டை லீசுக்கு விட்டு மொத்தப் பணம் திரட்டுகிறார்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அந்தத் தவணை நின்றுபோனால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். பிறகு வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையில் எடுத்து ஏலம் விடலாம். நோட்டீஸ் கடன் வாங்கியவர் பெயருக்குப் போகும். குடியிருப்பவருக்குக் கதவில் ஒட்டும்போதுதான் தெரியவரும்.

அப்போது, நான் லீசுக்கு இருக்கிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தவர் அதை வாடகைக்கு விடவே கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. விடலாம், அது அடமானம் பிடித்தவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகை பேசியிருக்க வேண்டும். மொத்தத் தொகை வாங்கக் கூடாது. வாடகையை முன்கூட்டி வாங்கிவிடக் கூடாது. கட்டடமானால் 3 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அடமானப் பத்திரத்திலேயே வாடகைக்கு விடக் கூடாது என்று எழுதியிருந்தால் இந்த வழியும் இல்லை. இப்போது அந்தச் சகோதரியின் ஏற்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடகையே இல்லை, மொத்தத் தொகைதான் எல்லாம். மாத வாடகைக்கு இருக்கும் கடைக்காரருக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்புகூட, 3 லட்சம் கொடுத்த இவருக்குக் கிடைக்காது. அடமானத்துக்குப் பிறகு வந்த, பதியாத ஒரு தாளை வங்கியிடம் காட்டி 3 வருடம் இருக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2014 முதல் வந்த தீர்ப்புகளில் தெளிவாக்கியிருக்கிறது. கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடும் வழி குடியிருப்பவருக்கு உண்டு. ஆனால் அங்கேயும் முதல் கேள்வி, உங்கள் பத்திரம் அடமானத்துக்கு முந்தியதா, பதிவானதா என்பதுதான்.

இந்த இடத்தில்தான் நம்மிடம் இருக்கும் ஓர் அருமையான பழைய சொல் உதவிக்கு வருகிறது: வில்லங்கம். சொத்தின் மேல் இருக்கும் அடமானம், கிரயம், ஒத்தி போன்ற பதிவுகளை வில்லங்கச் சான்றிதழ் காட்டும். tnreginet.gov.in என்ற பதிவுத்துறைத் தளத்தில் ஊர், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்து யாரும் பார்க்கலாம். அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வாங்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். கதவு எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் விட்டுப்போகும். பட்டாவில் இருக்கும் சர்வே எண் வேண்டும். சான்றிதழில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு வரி இருந்து, அதற்குப் பிறகு அதைத் தீர்த்ததற்கான ரசீது ஆவணம் இல்லையென்றால், பத்திரம் இன்னும் வங்கியில் இருக்கிறது என்று பொருள்.

வில்லங்கச் சான்றிதழுக்கும் ஓர் எல்லை உண்டு. பதிவுக்கு வந்தது மட்டுமே அதில் தெரியும். மூலப் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்து வாய்ப்பேச்சாகக் கடன் வாங்கியிருந்தால் அது அதில் வராது. அதனால் சான்றிதழ் சுத்தமாக இருந்தாலும், மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஜெராக்ஸ் போதாது. "பத்திரம் அண்ணன் வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் காட்டுகிறேன்" என்றால், பணத்தையும் அடுத்த வாரமே கொடுக்கலாம்.

இப்போது லியனுக்கு வருகிறேன். அந்த ஒப்பந்தத்தின் 14-ஆவது ஷரத்து, பாக்கி ஏதேனும் இருந்தால் "வீட்டிலுள்ள சாமான்கள் பேரில் வீட்டு உரிமையாளருக்கு லியன் உண்டு, அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளவும் விற்கவும் பாத்தியம் உண்டு" என்கிறது. சட்டத் தமிழில் லியன் என்பது பற்றுரிமை. ஏற்கெனவே என் கைக்கு நியாயமாக வந்து சேர்ந்த உங்கள் பொருளை, எனக்குச் சேர வேண்டியதை நீங்கள் கொடுக்கும்வரை விடாமல் வைத்துக்கொள்ளும் உரிமை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவில் இதற்கு ஒரு தையற்காரரை உதாரணம் காட்டுகிறது. துணி கொடுத்துக் கோட்டுத் தைக்கச் சொல்கிறீர்கள். தைத்து முடித்தவுடன் கொடுத்துவிடுகிறேன், கூலியை மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால், கூலி வரவில்லை என்று கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. அப்படிக் கடன் பேசாதிருந்தால் பிடித்து வைக்கலாம். அவர் உழைப்பு அந்தத் துணியில் இருக்கிறது. வங்கிகளுக்கு 171-ஆம் பிரிவில் இதைவிடப் பரந்த பற்றுரிமை உண்டு. உங்கள் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் 'லியன் அமௌன்ட்' என்று செல்பேசியில் காட்டினால், அந்தத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. பொருள் முதலில் அவர் கையில் இருக்க வேண்டும். உங்கள் பீரோவும் கட்டிலும் உங்கள் அனுபவத்தில் உள்ள வீட்டுக்குள், உங்கள் பூட்டுக்குள் இருக்கின்றன. வீட்டுக்காரர் கையில் இல்லாத பொருளின் மேல் பற்றுரிமை எங்கிருந்து வரும்? பாக்கி இருந்தால் அவர் வழக்குப் போட வேண்டும். தீர்ப்பு வாங்க வேண்டும். நீதிமன்றம் ஜப்தி செய்ய வேண்டும். அந்த நீதிமன்றமே தொடக் கூடாத பொருள்கள் இருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கடனாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் தேவையான உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. கைத்தொழில் செய்பவரின் கருவிகளுக்கும் அதே பாதுகாப்பு. நீதிபதி எடுக்க முடியாத தாலியையும் சோற்றுப் பானையையும் வீட்டுக்காரர் 14-ஆவது ஷரத்தைக் காட்டி எடுக்க முடியாது. வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிச் சாமானை எடுத்து வைத்தால், அது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

அந்தச் சகோதரியின் ஒப்பந்தத்தில் இந்த ஷரத்து இருப்பதே பொருத்தமில்லை. மாத வாடகை இல்லாத இடத்தில் வாடகைப் பாக்கி எப்படி வரும்? கரன்ட் பில்லும் வீட்டில் ஏற்பட்ட சேதமும்தான் மிச்சம். அவற்றுக்கு அவருடைய 3 லட்சமே வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. பணம் முழுவதும் ஒரு தரப்பிடம் இருக்க, பிடித்து வைக்கும் உரிமையையும் அதே தரப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பது நியாயமே இல்லை. பாதுகாப்பு தேவைப்படுகிறவர் பணம் கொடுத்தவர்.

சரி, என்ன செய்யலாம்? அவருக்கு எழுதிய பதிலில் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, இதை அதன் உண்மையான பெயரில், அனுபவ அடமானப் பத்திரமாக, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. முத்திரைக் கட்டணம் வாடகைப் பத்திரத்தைவிடக் கூடுதலாக வரும். அதனால்தான் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் பதிந்துவிட்டால் அந்த 3 லட்சம் வீட்டுக்காரர் சொத்தின் வில்லங்கத்தில் ஏறிவிடும். அவர் வீட்டை விற்றாலும், வாங்குகிறவர் ஒத்தியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பணம் வரும்வரை வீட்டில் இருக்கும் உரிமை சாவியின் பலத்தில் இல்லாமல் சட்டத்தின் பலத்தில் நிற்கும். வீட்டு வரி யார் கட்டுவது என்பதை அந்தப் பத்திரத்தில் மறக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால், அடமானத்தில் வீட்டை அனுபவிப்பவரே அரசுக்குச் சேர வேண்டிய வரிகளைக் கட்ட வேண்டும் என்று 76-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. மாத வாடகைக்கு இருக்கும்போது அந்தக் கவலை உங்களுடையதல்ல.

இரண்டாவது வழி, வீட்டுக்காரர் ஒத்தி எழுத மறுத்தால், மாத வாடகையும் சிறிய முன்பணமும் பேசி 11 மாத ஒப்பந்தம் போடுவது. அப்போது அவர் உண்மையிலேயே டெனன்ட் ஆகிறார். வெள்ளக்கடை கிராம ஊராட்சி. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களுக்காக எழுதப்பட்டது. அதனால் மலைக் கிராமத்தில் சொத்து மாற்றுச் சட்டம்தான் கைக்கு வரும். அந்தச் சட்டத்திலும் வாடகைதாரருக்கு நல்ல உரிமைகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் செய்து தர வேண்டிய பழுதுபார்ப்பை நீங்கள் நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், நீங்களே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்கிறது 108-ஆம் பிரிவு. மழைக்காலத்தில் ஓடு ஒழுகும் மலை வீட்டில் இது சின்ன விஷயமல்ல. கழிக்க வாடகை என்று ஒன்று இருந்தால்தான் இது பயன்படும் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது வழி, வில்லங்கத்தில் தீராத வங்கிக் கடன் தெரிந்தால், அந்த வீட்டை விட்டுவிடுவது. வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கடன் கட்ட முடியாமல் போவது நல்லவர்களுக்கும் நடக்கிறது.

எந்த வழியானாலும் பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். பத்திரத்தில் அந்தப் பரிவர்த்தனையின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். 14-ஆவது ஷரத்தை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஆங்கிலப் பக்கங்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களுக்குப் படித்துப் புரியாத பத்திரத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்காரருக்கு என்ன அவசரம் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வக்கீலிடம் போகப் பணம் இல்லை என்று அந்தச் சகோதரி கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வெள்ளக்கடை போன்ற, பழங்குடி மக்கள் நிறைந்த ஊர்களில் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். சேலத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்